சீன மாப்பிள்ளை பாடப்போகும் தமிழ்க் காதல் வரி: ஆங்கில எழுத்தில் எப்படி எழுதிக்கொடுப்பது?

கேள்வி: என் அக்காள் மகளுக்கு அடுத்த மாதம் திருமணம். மாப்பிள்ளை சிங்கப்பூர்ச் சீனர். வீட்டில் ஆங்கிலமும் மாண்டரினும் பேசுபவர். விருந்தில் ஒரு பாட்டுப் பாடி, நடுவில் "நான் உன்னைக் காதலிக்கிறேன்" என்று தமிழில் பாட ஆசைப்படுகிறார். "Naan unnai kadhalikiren" என்று எழுதிக்கொடுத்தேன். அவர் படித்தால் எங்களுக்கே புரியவில்லை. எப்படி எழுதினால் சரியாக வரும்?

பதில்:

நீங்கள் எழுதிக்கொடுத்தது தமிழர்களுக்குப் போதுமானது. அதைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்த வரி நினைவுக்கு வந்துவிடுகிறது. எழுத்துகளைக் கூட்டிப் படிக்க வேண்டியதே இல்லை. மாப்பிள்ளைக்கு அந்த வரி முன்பே தெரியாது. அவர் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டித்தான் ஒலியை உண்டாக்க வேண்டும். அதுவும் தமக்குத் தெரிந்த மொழிகளின் விதிப்படிதான் கூட்டுவார். அதனால் குறிப்பை எழுதும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: இந்த எழுத்துகளை அவர் எந்த மொழியின் கண்ணால் பார்ப்பார்?

நீங்கள் எழுதியதை அவர் எப்படிப் படித்திருப்பார் என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும். "Naan" சிக்கலில்லை, தேக்கா உணவகங்களில் விற்கும் நான் ரொட்டி சிங்கப்பூரில் எல்லாருக்கும் தெரியும். "unnai" என்பதில் உள்ள "un", ஆங்கிலத்தில் 'அன்' என்று ஒலிக்கும். ஆகவே 'உன்னை' அவர் வாயில் 'அன்னை' ஆகியிருக்கும். "kadha" என்பதில் முதல் a நெடில் என்பதற்கு எந்த அடையாளமும் இல்லை. D-க்குப் பின்னால் நிற்கும் h ஆங்கிலம் படித்தவருக்கு எதையும் சொல்வதில்லை. எனவே 'காத' என்பது 'கட' ஆகும். "kiren" என்பதை 'கிரன்' என்றோ 'கைரன்' என்றோ படிக்கலாம். இவை எல்லாம் சேர்ந்தால் நமக்குக் காதல் கேட்காது, கடல்தான் கேட்கும்.

சிலர் இதற்கு மாற்றாக நூல்களில் உள்ள முறைப்படி எழுதிக்கொடுப்பார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும், 2001இல் வெளிவந்த ISO 15919 தரமும் பின்பற்றும் முறை அது. அதன்படி வரி இப்படி இருக்கும்:

```
nāṉ uṉṉaik kātalikkiṟēṉ
```

இது மிகத் துல்லியமானது. இதைப் பார்த்து ஒரு பிழையுமின்றித் தமிழெழுத்தில் திருப்பி எழுதிவிடலாம். ஆனால் இது காட்டுவது எழுத்தைத்தான், ஒலியை இல்லை. 'த' எங்கே வந்தாலும் t என்றுதான் போடும். இரண்டு உயிர்களுக்கு நடுவே அது மெலிந்து ஒலிக்கிறது என்பதைச் சொல்லாது. மாண்டரின் படித்தவருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. மாண்டரினை ஆங்கில எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் ā என்றால் முதல் தொனி, அதாவது உயர்ந்து ஒரே மட்டத்தில் நிற்கும் குரல். நாம் நெடிலுக்காகப் போட்ட கோட்டை அவர் தொனிக்குறி என்று எடுத்துக்கொள்வார். ஆகவே எழுத்தின் மேலே கோடு, சாய்வு எதுவும் வேண்டாம்.

அவருடைய வாயில் ஏற்கெனவே இருக்கும் ஒலிகளைப் பார்ப்போம். பல இனப் பாடகர் குழுக்களுக்குத் தமிழ் உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்கும்போது நான் முதலில் செய்வது இதைத்தான். சிங்கப்பூரில் வளர்ந்த சீனருக்கு ஆங்கிலம், மாண்டரின் மட்டும் தெரியும் என்று நினைக்கக்கூடாது. தேசிய கீதத்தின் மலாயும், கோப்பிக்கடையின் ஹொக்கியனும், தேசிய தினத்தில் பள்ளிதோறும் பாடப்படும் 'முன்னேறு வாலிபா'வும் அவர் நாவில் பதிந்திருக்கின்றன. இந்த ஒரு வரிக்கு வேண்டிய ஒலிகள் ஏறக்குறைய எல்லாமே அவற்றில் கிடைக்கின்றன. புது ஒலி கற்றுக்கொடுப்பதைவிட, இருக்கும் ஒலியைச் சுட்டிக்காட்டுவது எளிது.

முதலில் 'க'. ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் சொல் முதலில் வரும் k, மூச்சுக் காற்றோடு வெளியே வருகிறது. தமிழ் 'க' காற்றில்லாதது. "காதல்" என்பதை அவர் 'க்ஹாதல்' என்பதுபோலச் சொன்னால், மற்றெல்லாம் சரியாக இருந்தாலும் அயலார் பேச்சு என்று உடனே தெரிந்துவிடும். இதை விளக்க ஒரு மெல்லிய காகிதக் கைக்குட்டை போதும். அதை அவர் வாய்க்கு முன்னால் தொங்கவிட்டு, மாண்டரினில் காப்பிக்கு உள்ள சொல்லைச் சொல்லச் சொல்லுங்கள்: "kāfēi". கைக்குட்டை ஆடும். அடுத்து, கோப்பிக்கடையில் கேட்பதுபோல "kopi" என்று சொல்லச் சொல்லுங்கள். கைக்குட்டை ஏறக்குறைய அசையாமல் நிற்கும். அந்த "kopi"யின் k-தான் நம் 'க'. இதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் அவருக்கு மறக்காது. குறிப்பின் ஓரத்தில் "kopi k" என்று மட்டும் எழுதிவையுங்கள்.

பின்யினில் g என்று எழுதப்படுவதும் காற்றில்லாத 'க'தானே, g என்றே எழுதிவிடலாமே என்று தோன்றலாம். ஒலியைப் பொறுத்தவரை அது உண்மை. ஆனால் அவர் ஆங்கிலமும் படிப்பவர். அந்த எழுத்தை எந்த நிமிடம் எந்த மொழியில் படிப்பார் என்று சொல்ல முடியாது. மேடையில் பதற்றத்தில் ஆங்கில g வந்துவிட்டால் 'gaadhal' என்று ஆகிவிடும். நான் k-யையே வைத்துக்கொள்வேன்.

அடுத்தது 'த'. தமிழர் பலர் இதற்கு th போடுகிறோம். முத்து என்ற பெயரை "Muthu" என்றுதான் எழுதுகிறோம். ஆனால் முத்துவில் இருப்பது வல்லொலி. காதலில் இருப்பது மெல்லொலி. ஒரே th இரண்டையும் குறித்தால், தெரியாதவர் "kaathal" என்பதை 'காட்டல்' அல்லது 'காத்தல்' என்று படிக்க வாய்ப்பு மிகுதி. எனவே இங்கே dh நல்லது. ஆனால் அதற்கும் துணை வேண்டும், இல்லாவிட்டால் ஆங்கில d ஆகிவிடும். ஆங்கில d-யில் நாக்கு நுனி பல்லுக்குப் பின்னால் ஈறில் படுகிறது. நம் காதுக்கு அது 'ட' போலவே கேட்கும். பள்ளி வாய்மொழித் தேர்வில் சொல்வதுபோல நிதானமாக "father" என்று சொல்லச் சொல்லி, கண்ணாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். நாக்கு நுனி பற்களில் படுவது தெரிய வேண்டும். "fa-" என்பதை எடுத்துவிட்டு "kaa-" வைத்தால் 'காத' வந்துவிடுகிறது. இந்த வரியில் நேரம் செலவழிக்கத் தக்க இடம் இதுதான்.

மூன்றாவது, இரட்டித்த மெய். ஆங்கிலம் படித்தவர் kk என்று பார்த்தால் ஒரு k என்றே படிப்பார். ஆங்கிலத்தில் இரட்டை எழுத்துக்குத் தனி ஒலி கிடையாது. நம் வரியில் க் இரட்டிக்கும் இடம் இரண்டு. 'லிக்கி' ஒன்று. மற்றொன்றை நாமே எழுத மறந்துவிடுகிறோம்: உன்னை என்பதற்கும் காதலிக்கிறேன் என்பதற்கும் நடுவே வரும் வல்லெழுத்து. உங்கள் குறிப்பில் இரண்டுமே ஒற்றை k-யாக இருக்கின்றன. ஒற்றையாகச் சொன்னால் 'காதலிகிறேன்' என்று நடு எழுத்து தளர்ந்துபோகும்.

இதற்கு ஆங்கிலத்தில் எடுத்துக்காட்டுத் தேடுவதைவிட, பாக் குட் தே என்ற பன்றி எலும்புச் சூப்பின் பெயர் நல்லது. "bak kut teh" என்று சிங்கப்பூரர் சொல்லும்போது கவனியுங்கள்: 'பாக்' என்று தொண்டை அடைபடுகிறது, ஒரு கணம் ஒலியே இல்லை, பிறகு காற்றில்லாமல் 'குட்' திறக்கிறது. அந்த அடைப்பும் அந்தச் சிறு மௌனமும்தான் நம் 'க்க'. காற்றில்லாத k-யும் அதே சொல்லில் கிடைத்துவிடுகிறது. குறிப்பில் அந்த இடத்தில் ஒரு சாய்கோடு போட்டு, "bak/kut" என்று பக்கத்தில் எழுதுங்கள்.

'உன்' என்பதற்கு "oon" எழுதலாம். 'ஊன்' என்று நீண்டுவிடாதா என்று கேட்கலாம். சிங்கப்பூர் ஆங்கிலத்தில் குறில் நெடில் வேறுபாடு பொதுவாகவே மங்கலாக இருப்பதால், அவர் இதை அவ்வளவு நீட்ட மாட்டார். "Book" என்பதன் உயிர் என்று சொன்னால் போதும். "un" என்பது தரும் 'அன்'னைவிடச் சற்று நீண்ட 'உன்' எவ்வளவோ மேல். 'னை' என்பதற்கு "nai" சரி. மாண்டரினில் பாலுக்கு உள்ள சொல்லில் இதே அசை இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லின் தொனியைக் கொண்டுவந்துவிடக்கூடாது. மாண்டரினில் தொனியின்றி இலேசாகச் சொல்லும் அசைகள் உண்டல்லவா, அப்படிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்லின் ஈற்றில் ஐ தன் அளவில் குறைந்து ஒலிப்பதை நம் இலக்கணம் ஐகாரக் குறுக்கம் என்கிறது. அந்தக் குறுக்கத்துக்கு இந்த இலேசான அசை நன்றாகப் பொருந்துகிறது.

கடைசியில் 'றேன்'. முதலில் "rain" என்று எழுதலாம் என்றுதான் தோன்றும். அன்றாடச் சிங்கப்பூர்ப் பேச்சில் அந்தச் சொல் நம் 'ரேன்' போலவே, நடுவில் வளையாத ஏகாரத்தோடு ஒலிக்கிறது. பேச மட்டும் செய்வதானால் அதுவே போதும். பாடும்போது சிக்கல் வருகிறது. பாடத் தொடங்கியதும் பலருடைய ஆங்கிலம் தானாக அமெரிக்க ஆங்கிலமாக மாறிவிடுகிறது. ரேன் 'ரெயின்' ஆகி இழுபடுகிறது. ஆகவே "raen" என்று எழுதி, பக்கத்தில் "Munnaeru" என்று குறியுங்கள். சிங்கப்பூரில் அந்தப் பாட்டை ஆங்கில எழுத்தில் அச்சிடும்போது பெரும்பாலும் அப்படித்தான் ae போடுகிறார்கள். பள்ளி நாள் முதல் பாடியவர் அந்த 'னே'யை மறந்திருக்க மாட்டார்.

எல்லாம் சேர்ந்தால் அவர் கையில் இருக்க வேண்டிய குறிப்பு இது:

```
naan   oon-naik/kaa-dha-lik/ki-raen

k  = kopi
/  = bak/kut
oo = book
dh = father
ae = Munnaeru
```

தாளில் எழுதும்போது naan, kaa, raen ஆகிய மூன்றின் கீழே மட்டும் கோடு இழுங்கள். நெடில் அவை மூன்றுதான். பெரிய எழுத்தால் காட்ட வேண்டாம். ஆங்கிலக் குறிப்புகளில் பெரிய எழுத்து என்றால் அந்த அசையை அழுத்திச் சொல் என்று பொருள். அவர் 'KAA' என்று பார்த்தால் நீட்டுவதற்குப் பதிலாக உரக்கச் சொல்வார். தமிழில் வேண்டியது நீளம்தான், அழுத்தம் இல்லை.

நீளத்தைக் கற்றுக்கொடுக்கப் பழைய மாத்திரைக் கணக்கே கைகொடுக்கும். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. அரைகளை விட்டுவிட்டு உயிர்களுக்கு மட்டும் விரலால் மேசையில் தட்டச் சொல்லுங்கள்: நான் இரண்டு, உன், னைக் தலா ஒன்று, கா இரண்டு, த, லிக், கி தலா ஒன்று, றேன் இரண்டு. நான்கைந்து முறை தட்டிக்கொண்டே சொன்னால், மெட்டு இல்லாமலேயே வரியின் நடை வந்துவிடும். அதற்குப் பிறகுதான் பாட்டில் பொருத்த வேண்டும்.

பாட்டில் பொருத்தும்போது மெட்டு தன் விருப்பப்படி அசைகளை நீட்டும். 'த' நீண்ட சுரத்தில் விழலாம். அதைப் பற்றிக் கவலை வேண்டாம், நம் பாடல்களிலும் அப்படி நிகழ்கிறது. கவனிக்க வேண்டியது சாய்கோடு உள்ள இடங்களை. பாடகர்கள் உயிரொலியை அடுத்த சுரம் வரை விடாமல் பிடிக்கப் பழகியவர்கள். அப்படிப் பிடித்தால் க்க-வின் மௌனத்துக்கு இடமே இருக்காது. 'லி'யைச் சுரம் முடியும் முன்பே நிறுத்தி, அடைத்து, அடுத்த தாளத்தட்டில் 'கி'யைத் திறக்க வேண்டும். மௌனம் முந்தைய சுரத்திலிருந்து எடுத்துக்கொள்ளப்பட வேண்டும், அடுத்ததிலிருந்து இல்லை. 'னை' நீண்டால் அ-வைப் பிடித்துக்கொண்டு இ-யைக் கடைசியில் சேர்க்கச் சொல்லுங்கள். 'றேன்' வரியின் முடிவில் நீளும் என்றால் ஏகாரத்தையே பிடிக்க வேண்டும். ன் சுரம் அடங்கும்போது வந்தால் போதும், முன்பே வந்துவிட்டால் மூக்கால் பாடுவதுபோல் இருக்கும்.

ற-வை நான் அப்படியே விட்டுவிடுவேன். ஆங்கில r வந்தாலும் யாருக்கும் பொருள் மாறாது. இன்றைய பேச்சில் ர, ற வேறுபாடு நம்மில் பலரிடமே இல்லை. ஒரு மாதத்தில் ஒருவர் கவனிக்கக்கூடியது ஓர் அளவுதான். நெடில் கா, பல்லில் படும் த, இரண்டு அடைப்புகள் ஆகியவற்றில் அந்தக் கவனம் போகட்டும்.

இடையே ஒன்று. பாட்டில் 'அழகே' போன்ற சொல் ஏதாவது சேர்க்க நினைத்தால், "azhagae" என்று எழுதிக்கொடுக்காதீர்கள். தமிழர்கள் ழ-வுக்குப் பழகிவிட்ட zh, பின்யினில் வேறோர் ஒலி. 'அஜாகே' போன்ற ஒன்றுதான் வரும். அவரிடம் ழ-வுக்கு மிக அருகில் ஓர் ஒலி இருக்கிறது: மாண்டரினின் r. "rén" என்று சொல்லும்போது நாக்கு மேல்நோக்கி வளைகிறதே, உரசாமல் இன்னும் கொஞ்சம் மென்மையாகச் செய்தால் ழ கிடைத்துவிடும். "a-ra-gae" என்று எழுதி, r மேல் வட்டமிட்டு, மாண்டரின் r என்று குறித்தால் போதும். தமிழ்ப் பிள்ளைகளே தடுமாறும் எழுத்தை அவர் எளிதாகச் சொல்வதைக் கேட்டு உங்கள் வீட்டார் மகிழ்வார்கள்.

குறிப்பைக் கொடுக்கும் முறையும் முக்கியம். தாளை முதலில் நீட்டாதீர்கள். கண் எழுத்தைப் பார்த்துவிட்டால் காது வேலை செய்வதில்லை. மணப்பெண்ணோ நீங்களோ வரியை மெதுவாக ஒருமுறை, இயல்பான வேகத்தில் ஒருமுறை கைப்பேசியில் பதிவுசெய்து அனுப்புங்கள். மெதுவாகச் சொல்லும்போது அசை அசையாக வெட்டாதீர்கள், 'லிக்... கி' என்று அடைப்பு கேட்கும்படி இழுத்துச் சொன்னால் போதும். அதைக் கேட்டுவிட்டு, அவருக்குத் தோன்றும் எழுத்துகளில் அவரையே எழுதச் சொல்லுங்கள். அவர் "gah" என்று எழுதினால், அவர் காதில் நம் 'கா' எப்படி விழுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும். அதன் பிறகு மேலே உள்ள குறிப்பைக் காட்டி, இரண்டும் வேறுபடும் இடங்களை மட்டும் பேசுங்கள். அவர் எழுதியது சரியான ஒலியைத் தருகிறது என்றால், என் குறிப்பைவிட அதையே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் வாய்க்கு எழுதியது இன்னொருவருக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவருக்கோ இந்தோனேசியருக்கோ இதே வரியை நான் வேறு மாதிரி எழுதுவேன்.

சரியாக வந்ததா என்பதை நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். உங்களுக்கு வரி தெரியும், ஆகவே எப்படிச் சொன்னாலும் புரிந்துவிடும். அவர் பாடியதைப் பதிவுசெய்து, இந்தத் திட்டமே தெரியாத ஒரு தமிழருக்கு அனுப்பி, காதில் விழுந்ததைத் தமிழில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். வயதான உறவினராக இருந்தால் இன்னும் நல்லது. அவர்கள் கேட்டதைத் திருத்தாமல் எழுதுவார்கள். 'கட' என்று வந்தால் நாக்கு பல்லுக்குப் போகவில்லை, கண்ணாடிக்குத் திரும்ப வேண்டும். 'காத்தலி' என்று வந்தால் d வல்லொலியாகிவிட்டது. "Father"ஐ மறுபடி சொல்லிப் பார்க்க வேண்டும். 'அன்னை' வந்தால் 'உன்' என்பதை அவர் இன்னும் பழைய தாளிலிருந்து படிக்கிறார். அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள். 'காதலிகிறேன்' என்று வந்தால் பாட்டின் வேகம் அடைப்பை விழுங்கிவிட்டது. அந்த இடத்தில் மட்டும் மெட்டைச் சற்று மெதுவாக்க வாத்தியக்காரரிடம் சொல்லுங்கள்.